ஓட்டல் பில்லில் கம்பெனி பெயர்: முன்பே சொல்வதா, முன்பதிவுத் தளத்தை நம்புவதா, ஊர் திரும்பிக் கேட்பதா?

அலுவலக வேலையாக நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களிடம் பணம் கட்டியதற்கான ரசீது கட்டாயம் இருக்கும். ஆனால் அதில் தங்கியவரின் பெயர்தான் இருக்கும். கம்பெனியின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்காது. அறை வாடகையைத் திருப்பித் தரச் சில கம்பெனிகள் இதையே ஏற்றுக்கொள்ளும். கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள நினைக்கும் கம்பெனி ஏற்காது. அந்தக் கம்பெனிக்கு வேண்டியது தன் பெயரில் போட்ட வரி பில். அதைப் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பார்ப்போம். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் விற்பனை அலுவலர் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் இரண்டு இரவுகள் தங்குகிறார். ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி. ஆக வாடகை 5,000, மத்திய ஜிஎஸ்டி 125, மாநில ஜிஎஸ்டி 125, மொத்தம் 5,250. இந்த 5 சதவீதத்தை ஒட்டி ஒரு குழப்பம் நிலவுகிறது. தான் வாங்குகிறவற்றுக்குக் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழிக்கக்கூடாது என்ற நிபந்தனை ஓட்டலுக்குத்தான். அங்கே தங்கிய கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. "ஐந்து சதவீதம்தானே, கம்பெனி பெயர் எதற்கு சார்?" என்று வரவேற்பறையில் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

முதல் வழி, ஓட்டலிலேயே நேரடியாகப் பதிவுசெய்து, வந்து சேருமுன் விவரங்களை வாட்ஸப்பில் எழுதி அனுப்புவது. என் கணிப்பில் இதுதான் சிறந்தது. போனில் வாயால் சொல்வது போதாது. பதினைந்து இலக்க எண்ணைக் காதால் கேட்டு எழுதினால் ஓர் எழுத்தாவது மாறிவிடும். செய்தியில் கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர் "பிரைவேட் லிமிடெட்" உட்பட முழுமையாக இருக்க வேண்டும். அடுத்து ஜிஎஸ்டி எண், அந்தப் பதிவில் உள்ள முகவரி, பின்கோடு, தங்குகிறவர் பெயர். விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரும் முகவரியும் பதிவில் உள்ளவையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. gst.gov.in தளத்தில் Search Taxpayer பக்கத்தில் எண்ணை இட்டால் சட்டப்பூர்வப் பெயரும் முதன்மை வணிக இடமும் தெரியும். அங்கே காண்பதை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.

இந்த வழியின் இன்னொரு பலன், பணம் கட்டுமுன் பில்லின் வரைவைப் பார்க்கக் கேட்கலாம் என்பது. பார்க்க வேண்டியவை சிலவே: தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்கும் ஓட்டலின் ஜிஎஸ்டி எண், நம் எண், பில்லின் வரிசை எண், தேதி, இரண்டு வரிகளும் தனித்தனியாக. "பில் அடித்தாகிவிட்டது, கம்பெனி பெயரை மேலே பேனாவில் எழுதித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். பில் புத்தகம் வைத்துக் கையால் எழுதும் லாட்ஜ் என்றால் அதில் குற்றமில்லை. ஆனால் கணினியில் அடித்த பில்லின் மேல் பேனாவால் எழுதினால், தாளில் மட்டும்தான் பெயர் மாறும். ஓட்டல் மாதந்தோறும் தாக்கல் செய்யும் கணக்கில் அது பெயரில்லா வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லாகவே போகும். நம் எண்ணோடு தாக்கலானால்தான் கம்பெனி கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் அந்த 250 ரூபாய் தெரியும். தெரியாவிட்டால் கழிக்க முடியாது.

இரண்டாவது வழி, முன்பதிவுத் தளம். அதில் ஜிஎஸ்டி விவரம் கேட்கும் கட்டம் இருக்கிறது, நிரப்பினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே இட்ட எண் ஓட்டல் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தளம் அனுப்பும் வவுச்சர், பணம் கட்டியதற்குச் சான்று. வரி பில் அல்ல. ஜிஎஸ்டி பதிவுள்ள ஓட்டலென்றால் அறைக்கான பில்லை ஓட்டல்தான் தர வேண்டும். தளம் தன் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் தனி பில் தரும். மேற்சொன்ன அறையையே தளத்தில் பதிவுசெய்து, 300 ரூபாய் சேவைக் கட்டணமும் அதற்கு 18 சதவீதமாக 54 ரூபாயும் சேர்ந்தால் கார்டிலிருந்து போவது 5,604. ஓட்டல் பில் 5,250, தளத்தின் பில் 354. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் கணக்குப் பிரிவில் தொகை ஒட்டாது. தளத்தை விரும்புகிறவர்கள் பதிவு உறுதியானதுமே அதே வாட்ஸப் செய்தியை ஓட்டலுக்கும் அனுப்பிவிடட்டும்.

இந்த வழி கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத சிறு லாட்ஜ்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையை ஒட்டிய சிறு விடுதிகளில் நேரடியாகத் தங்கும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் வரி வசூலிக்கவும் கூடாது, வரி பில் தரவும் முடியாது. அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அதே லாட்ஜைத் தளம் வழியாகப் பதிந்தால் அறைக்கான வரியைத் தளமே கட்ட வேண்டும் என்பது சட்டம். அப்போது வரி பில்லைத் தளத்திடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஊர் திரும்பியபின் மின்னஞ்சலில் கேட்பது. இதை வேறு வழியில்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போகும். அதற்கு முன் கேட்டால் சிறு ஓட்டல்கள் பெரும்பாலும் திருத்தித் தந்துவிடும். ஐந்து கோடிக்கு மேல் வருவாயுள்ள ஓட்டல் என்றால் கம்பெனி பில்லை அரசின் இணையதளத்தில் மின்விலைப்பட்டியலாகப் பதிய வேண்டும். அதில் தவறான எண் பதிவானால் ரத்துசெய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதன்பின் பழைய பில்லின் தொகையை ஈடுகட்டும் வரவுக் குறிப்பு போட்டு, புதிய எண்ணில் புதிய பில் போட வேண்டும். எனவே "பெயரை மாற்றி அனுப்புங்கள்" என்று எழுதாமல், பழைய பில்லின் எண், தேதி, தொகை, சரியான விவரம் எல்லாவற்றையும் தந்து, வரவுக் குறிப்பும் புதிய பில்லும் வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் கடிதம் வரவேற்பறையில் தேங்காமல் ஓட்டலின் கணக்கர் கைக்குப் போகும்.

எந்த வழியில் கேட்டாலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்துக் கம்பெனிக்காரர்கள் குளச்சலிலும் தக்கலையிலும் வந்து தங்குவது சாதாரணம். தங்கும் அறைக்கான வரி, கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு உரியது. ஆகவே இங்கே தமிழ்நாட்டு வரிதான் போடுவார்கள். கேரள எண் 32-இல் தொடங்கும்; அதைப் பில்லில் எவ்வளவு சரியாக அச்சிட்டாலும் அந்த 250 ரூபாயைக் கேரளப் பதிவில் கழிக்க முடியாது. கம்பெனிக்குத் தமிழ்நாட்டிலும் பதிவு இருந்தால், 33-இல் தொடங்கும் அந்த எண்ணையும் அதற்குரிய தமிழ்நாட்டு முகவரியையும் கொடுங்கள். தலைமை அலுவலக முகவரியை அதோடு கலக்காதீர்கள். கேரளப் பதிவு மட்டும் இருந்தால் கம்பெனி பெயரில் பில் வாங்கிக்கொண்டு, 5,250 முழுவதையும் பயணச் செலவாக எழுதச் சொல்லிக் கணக்குப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம்.