காரணம் கேட்காத நோட்டு: ஒன்றரை வருட அனுபவம்

பொள்ளாச்சியில் தையல் யூனிட் வைத்திருக்கும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "உங்க ஊழியர் நலத் திட்டம் எப்படிப் போகுது? நாங்களும் ஆரம்பிக்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. ஜூன் முதல் வாரம், ஊழியர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பெட்டி காலி.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் யூனிட்டில் 38 பேர். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை மனநல ஆலோசகரை வரவழைத்தோம். நல்ல அம்மா, தமிழ், மலையாளம் இரண்டும் பேசுவார். உட்கார வைத்த இடம்தான் தப்பு. கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் ரூம். உள்ளே யார் போனாலும் எல்லா மிஷினிலிருந்தும் தெரியும். மூன்று மாதத்தில் வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் லீவு கேட்க வந்தவர்.

அதை நிறுத்திவிட்டு, அரசின் இலவச மனநல உதவி எண் 14416ஐ ஸ்டிக்கராக அடித்துப் பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று அந்த நம்பரை யார் குறித்துக்கொள்வார்கள்? "எத்தனை பேர் கூப்பிட்டாங்க?" என்று முதலாளி இன்றும் கேட்கிறார். நமக்குத் தெரியாமல் இருப்பதுதானே அதன் பலமே! ஒருநாள் பார்த்தால், நம்பருக்குக் கீழே தையல் சாக்பீஸில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "ராத்திரியும் எடுப்பாங்க."

ஆனால் இங்கே தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குழுக் கடனின் வாரத் தவணை. அதனால் 60,000 ரூபாய் ஒதுக்கி, வட்டியில்லா அட்வான்ஸ் ஆரம்பித்தோம். ஒருவருக்கு அதிகபட்சம் 3,000, கேட்ட அன்றே கையில். மாதம் 500 வீதம் ஆறு மாதம் சம்பளத்தில் பிடிப்போம், எழுதி வாங்கிக்கொண்டு.

முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினோம். பிறகுதான் புரிந்தது, நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். புருஷன் குடித்துத் தீர்த்ததை என் முன்னால் எழுதச் சொன்னால் யார் வருவார்கள்? அந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்து அடித்தேன். அடுத்த சம்பளத்துக்குள் ஒன்பது பேர் வாங்கினார்கள்.

எரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு தணிக்கைக்கும் அந்தக் கட்டம் திரும்பி வருகிறது. "காரணம் இல்லாம எப்படி சார் பணம் கொடுக்கறீங்க?" ஒன்றரை வருடத்தில் திரும்பாத கடன் ஒன்றே ஒன்று, அதுவும் வேலையை விட்டுப் போனவருடையது. சொன்னாலும் கேட்பதில்லை.

இன்னொரு குறை கணக்கிலேயே இருக்கிறது. 20 பேர் வாங்கிவிட்டால் பெட்டி காலி. அதன்பின் மாதம் திரும்பி வருவது 10,000, மூன்று பேருக்குத்தான் காணும். ஸ்கூல் திறக்கும்போது கேட்பவர்களோ பதினைந்து பேர். இன்று மட்டும் நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். அதில் ஒரு அக்கா, "பரவால்ல சார்" என்று சிரித்துவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை.

நண்பரிடம் "வேண்டாம், ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்கு இன்னொரு 30,000 கேட்டு முதலாளிக்கு எழுதிய கடிதம் மேஜையில் இருக்கிறது. அதிலும் காரணம் கேட்பார்.