எல்லாமா, எல்லாருமா? ஒரு எருது விடும் விழா நோட்டீஸ்

பொங்கல் நெருங்கினால் எங்கள் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா களைகட்டும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் வைத்திருக்கும் டிடிபி கடைக்கும் நோட்டீஸ் வேலை வந்து குவியும். போன தை மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். நோட்டுத் தாளில் எழுதி வந்திருந்தது இது:

"காளைகள், உரிமையாளர்கள் எல்லாம் காலை 7 மணிக்குள் வந்துவிட வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் எல்லாம் சேர்த்துக்கொள்ளப்படாது."

தட்டச்சு செய்யும்போதே பெரியவர் நிறுத்தினார். "எல்லாம்னு போடாதப்பா, ஆளுங்களுக்கு மரியாதையா இருக்காது. எல்லாரும்னு போடு." பேரன் விடவில்லை: "மாட்டையும் சேத்து எல்லாரும்னா எப்படி தாத்தா?" இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எல்லாரும் என்பதில் சிக்கல் குறைவு. அது மனிதர்களுக்கு மட்டும். அதிலுள்ள 'ஆர்' பலர்பால் விகுதி. எல்லாரும் வந்தார்கள், எல்லாரையும் கூப்பிடு, எல்லாருக்கும் சோறு போடு. வேற்றுமை உருபு வந்தால் 'உம்' கடைசிக்குப் போய்விடும், அவ்வளவுதான். எல்லோரும் என்று எழுதினாலும் சரி. நல்லார், நல்லோர் போல இரண்டும் வழக்கில் உள்ளவை. நம்மையும் சேர்த்துச் சொன்னால் வினை மட்டும் மாறும்: எல்லாரும் போனோம். முன்னிலைக்கு எல்லீரும் என்று தனிச்சொல்லே பழைய இலக்கணத்தில் உண்டு. இன்று அந்த வேலையையும் எல்லாரும் செய்கிறது: எல்லாரும் வாங்க.

எல்லாம் அப்படி ஒரே இடத்தில் நிற்பதில்லை. தனியாக வந்தால் அது பொருள்களைத்தான் குறிக்கும். "எல்லாம் வந்ததா?" என்று கேட்டால் நாற்காலி, பந்தல் கம்பு, மைக் செட் என்றுதான் கேட்பவர் நினைப்பார். அப்போது உருபு ஏற்றால் இடையில் 'அற்று' வரும்: எல்லாவற்றையும், எல்லாவற்றுக்கும். பேச்சில் எல்லாத்தையும், எல்லாத்துக்கும். நன்னூலின் உருபு புணரியல் சொல்வதும் இதையே: எல்லாம் அஃறிணையைக் குறித்தால் 'அற்று' சாரியை, உயர்திணையைக் குறித்தால் 'நம்' சாரியை. எல்லாநம்மையும் என்ற அந்த வடிவம் இன்று யார் வாயிலும் இல்லை. ஆனால் எல்லாம் மனிதர்களுக்கும் வரலாம் என்று இலக்கணமே ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி. தொல்காப்பியம் இன்னும் இறுக்கமானது. உயர்திணையில் எல்லாம் வந்தால் பேசுகிறவரையும் உள்ளடக்கிய பன்மைக்கு மட்டும்தான் என்கிறது. "நாமெல்லாம்" சரி, மற்றதற்கு இடமில்லை.

வழக்கு அந்த வேலிக்குள் நிற்கவில்லை. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் "மற்றெல்லாம் தொழுதுண்டு பின்செல் பவர்" என்கிறார். உழுது உண்கிறவர்கள் போக மற்ற மனிதர்களைத்தான் அந்த எல்லாம் குறிக்கிறது. வாக்கியம் முடிவதும் 'பவர்' என்று உயர்திணையில். ஆகவே ஆட்களுக்கு எல்லாம் போட்டாலே மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. "பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க" என்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஏன் இல்லை? பெயருக்குப் பின்னால் வரும்போது எல்லாம் தன் திணையைக் காட்டுவதில்லை. முன்னால் நிற்கும் பெயர்தான் வினையை முடிவு செய்கிறது: ஆளுங்க எல்லாம் வந்தாங்க, மாடெல்லாம் வந்தது. உருபு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். "காளைகளையெல்லாம் அவிழ்த்து விடு", "உரிமையாளர்களையெல்லாம் கூப்பிடு" என்னும்போது உருபு பெயரோடு போய்விட்டது. எல்லாம் எதையும் ஏற்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. "உரிமையாளர்கள் எல்லாரையும் கூப்பிடு" என்றால் உருபை ஏற்பது எல்லாரும் என்ற சொல். அதனால் அது திணையைக் காட்டியே ஆகவேண்டும். 'காளைகள் எல்லாரையும்' என்று வராததற்கு அதுவே காரணம்.

பொருளிலும் இடைவெளி உண்டு. "உரிமையாளர்கள் எல்லாரும்" என்றால் ஒருவர் விடாமல் தலை எண்ணிச் சொல்கிறோம். "உரிமையாளர்கள் எல்லாம்" கொஞ்சம் தளர்ந்தது. அந்த வகையினர், அவர்களைச் சேர்ந்தவர்கள் என்ற அளவில் நிற்கும். "இங்கே பஸ்ஸெல்லாம் வராது" என்பதில் எல்லாப் பஸ்ஸையும் யாரும் எண்ணவில்லை, பஸ் என்ற சங்கதியே கிடையாது என்கிறோம். ஒருமையோடு ஒட்டினால் முழுமை என்றாகும்: ஊரெல்லாம் பேச்சு, வீடெல்லாம் புழுதி. "அவனெல்லாம் ஒரு ஆளா?" என்பதில் இகழ்ச்சி. பெரியவர் காதில் மரியாதைக் குறைவாக ஒலித்தது இந்தச் சாயல்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆட்கள் என்றால் அந்தரூ, பொருள்கள் என்றால் அன்னீ, ஊர் முழுக்க என்றால் ஊரந்தா. மூன்று வேலைக்கு மூன்று சொல். நாம் கடைசி இரண்டையும் எல்லாம் என்ற ஒரே சொல்லில் ஏற்றி, ஆட்களுக்குப் பின்னாலும் அதையே ஒட்டுகிறோம்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். முதல் வாக்கியத்தில் காளையும் ஆளும் கலந்து வருகிறார்கள். 'வேண்டும்' என்பது எந்தத் திணைக்கும் பொதுவான முடிவு, அதனால் தப்பித்துக்கொண்டது. அங்கே எல்லாம் என்பதுதான் பொருத்தம். எல்லாரும் என்றால் காளை இடிக்கும். வினை திணையைக் காட்டும் இடமாக இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். நன்னூல் அதற்கும் வழி வைத்திருக்கிறது: கலந்து வந்தால் சிறப்பு, மிகுதி, இழிவு பார்த்து ஒரே முடிவு கொடுக்கலாம். "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்பதில் மூர்க்கன் முதலையோடு சேர்ந்து அஃறிணை முடிவு பெற்றது இழிவினால். காளை வளர்க்கிறவரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது வாக்கியம்தான் உண்மையான தவறு. 'வருகிறவர்கள்' உயர்திணை, 'சேர்த்துக்கொள்ளப்படாது' அஃறிணை ஒருமை. நடுவில் நிற்கும் எல்லாம் இரண்டுக்கும் ஒத்துப்போவதால் பிழை கண்ணில் படவில்லை. எல்லாம் இருக்கும் இடத்தில் பிழையைப் பிடிக்க நான் அதை விரலால் மறைத்துவிட்டுப் படிப்பேன். "வருகிறவர்கள் சேர்த்துக்கொள்ளப்படாது." உடனே தெரிந்துவிடும். "சேராதது மாடா, ஆளா?" என்று கேட்டேன். "மாடுதான். ஆளு நின்னு வேடிக்கை பாக்கட்டுமே" என்றார் பெரியவர்.

அப்படியானால் "தாமதமாக வரும் எல்லாக் காளைகளும் சேர்த்துக்கொள்ளப்படாது" என்று மாற்றலாமா என்றான் பேரன். எதிர்மறையில் அது ஆபத்து. 'எல்லாம் சேராது, சிலது சேரும்' என்று ஒருவர் வாதாடலாம். பரிசுத்தொகை இருக்கும் இடத்தில் நிச்சயம் வாதாடுவார். எதிர்மறைக்கு 'எதுவும்'தான் பாதுகாப்பு, ஆட்களுக்கு 'யாரும்'.

அனைவரும், அனைத்தும் இரண்டும் எழுத்துக்கே உரியவை, திணை பிரிந்தே நிற்பவை, குழப்பம் தராதவை. 'அனைத்து' பெயருக்கு முன்னால் வந்தால் மட்டும் 'உம்' விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும்: அனைத்துக் காளைகளும்.

கடைசியில் அச்சுக்குப் போனது:

"காளைகளைக் காலை 7 மணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். உரிமையாளர்கள் எல்லாரும் உடன் இருக்க வேண்டும். தாமதமாக வரும் காளை எதுவும் சேர்த்துக்கொள்ளப்படாது."

பெரியவர் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். கீழே பெரிய எழுத்தில் "அனைவரும் வருக" என்று போடச் சொன்னார். போட்டேன்.