2 வாங்கினால் 1 இலவசமா, நேரடி 30% தள்ளுபடியா: எது உண்மையில் லாபம்?

ஒரே பொருள், ஒரே விலை. ஒரு பக்கம் '2 வாங்கினால் 1 இலவசம்' என்று போட்டிருக்கிறது, இன்னொரு பக்கம் 'நேரடியாக 30% தள்ளுபடி'. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக முதல் பக்கம்தான் போகும். நானும் பல வருடம் யோசிக்காமல் அப்படியே எடுத்தவன்தான். இப்போது இரண்டையும் சதவீதமாக மாற்றிப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை, மாற்றிப் பார்த்தால் வருகிற பதில் பெரும்பாலும் நான் முதலில் நினைத்ததற்கு நேர் எதிராக இருக்கிறது.

முதலில் கணக்கு. பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 2+1 ஆஃபரில் 200 கொடுத்து 3 பொருளோடு வெளியே வருகிறீர்கள். அந்த மூன்றின் மதிப்பு 300, மிச்சம் 100. 300-இல் 100 என்றால் 33.3%.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டுக்கு ஒன்று இலவசம், அப்படியானால் பாதி, அதாவது 50% என்று மனம் வேகமாகச் சொல்லிவிடும். கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அது சரிதான், ஆனால் தள்ளுபடி என்பது கொடுத்த பணத்தின் மேல் பார்ப்பது இல்லை, மொத்தப் பொருளின் முழு விலை மேல் பார்ப்பது. அதனால் சூத்திரம் இதுதான்:

```
தள்ளுபடி % = இலவசம் ÷ (வாங்குவது + இலவசம்) × 100
```

1+1 என்றால் 50%. 3+1 என்றால் 25%. 'இரண்டாவது பாதி விலை' என்றால் 200-க்குப் பதில் 150, அதுவும் 25%தான். 'அதே விலைக்கு 50% கூடுதல்' என்று டப்பாவில் போட்டிருந்தால் அது 2+1-ன் இன்னொரு முகம், அதே 33.3%. இந்தக் குழப்பத்தை 2012-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வந்த ஓர் ஆய்வு பரிசோதித்துப் பார்த்தது. 33% கூடுதல் அளவையும் 33% விலைக் குறைப்பையும் மக்கள் ஏறத்தாழ ஒன்றாகவே நினைத்தார்கள் என்பது அதில் தெரியவந்தது. உண்மையில் 33% கூடுதல் அளவு தருவது 25% தள்ளுபடிதான், எட்டு புள்ளி அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

சரி, 33.3 பெரிதா, 30 பெரிதா? 33.3தான். அப்படியென்றால் 2+1 ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடலாமா? முடிக்க முடியாது. அந்த 33.3% சரியாக மூன்று, ஆறு, ஒன்பது என்று வாங்கும்போது மட்டும்தான் கிடைக்கும். நேரடி 30% எத்தனை வாங்கினாலும் 30%தான். உங்களுக்கு எத்தனை தேவையோ அதை வைத்துப் பாருங்கள்:

| எண்ணிக்கை | 2+1-இல் கட்டுவது | 30%-இல் கட்டுவது |
|---|---|---|
| 1 | 100 | 70 |
| 2 | 200 | 140 |
| 3 | 200 | 210 |
| 4 | 300 | 280 |
| 5 | 400 | 350 |
| 6 | 400 | 420 |
| 7 | 500 | 490 |
| 8 | 600 | 560 |
| 9 | 600 | 630 |

ஒன்பது வரிசையில் 2+1 மூன்றே இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஜெயிக்கும்போது கிடைக்கும் லாபம் 10, 20, 30. தோற்கும்போது 10 முதல் 60 வரை போகிறது. நான்கு வாங்கினால் உண்மையான தள்ளுபடி 25%, ஐந்து வாங்கினால் 20%தான். ஆறுக்கு வந்தால் திரும்ப 33.3%. ஏறி இறங்கி ஏறுகிற இந்த விளையாட்டு நேரடித் தள்ளுபடியில் கிடையவே கிடையாது, எனக்கு அதன் மேல் மரியாதை வந்ததே இந்த அட்டவணையைப் போட்ட பிறகுதான்.

இரண்டாவது வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள், முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தேவை இரண்டு. 30%-இல் 140 கட்டி இரண்டை எடுத்துப் போகலாம். 2+1-இல் 200 கட்டி மூன்றை எடுத்துப் போகலாம். வித்தியாசம் 60. ஆக அந்த 'இலவச' மூன்றாவது பொருளுக்கு நீங்கள் 60 கொடுக்கிறீர்கள், பில்லில் சுழியம் என்று அச்சாகியிருந்தாலும். பக்கத்தில் வேறு ஆஃபர் இருக்கும்போது இலவசத்துக்கு விலை இல்லாமல் போகாது. அந்தப் பக்கத்துத் தள்ளுபடியை இரண்டால் பெருக்கினால் மூன்றாவதின் விலை வந்துவிடும்: 20% என்றால் 40, 30% என்றால் 60, 40% என்றால் 80.

அப்புறம் அந்த 60-க்கு அந்தப் பொருள் தகுமா என்று கேட்க வேண்டும். கெட்டுப்போகாத, எப்படியும் அடுத்த மாதம் முழு விலையில் வாங்கப்போகிற பொருள் என்றால் 100-ஐ 60-க்கு வாங்குகிறீர்கள், தாராளமாக எடுக்கலாம். அடுத்த மாதமும் இதே 30% இருக்கும் என்று தெரிந்தால் லாபம் வெறும் 10. காலாவதித் தேதி நெருங்கிய பொருள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: முழு விலையோடு ஒப்பிட்டாலே மூன்றாவதில் 60%-க்கு மேல் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். பாதியில் தூக்கிப்போட்டால் 50 மதிப்புள்ளதற்கு 60 கொடுத்ததாகிவிடும்.

இதுவரை பேசியது மூன்றும் ஒரே விலை என்ற வசதியான உலகம். துணிக்கடையில் அது நடக்காது. அங்கே 2+1 என்றால் 'விலை குறைந்தது இலவசம்' என்ற நிபந்தனை ஆஃபர் பலகையின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், 33.3% என்ற எண் அந்த ஒரு வரியிலேயே உடைந்துபோகிறது. 1000, 600, 500 என்று மூன்று எடுத்தால் இலவசம் 500, மொத்தம் 2100, தள்ளுபடி 23.8%. நேரடி 30% என்றால் மிச்சம் 630, அதாவது 130 கூடுதலாகவே மிஞ்சியிருக்கும்.

இதற்கு நான் கையில் வைத்திருக்கும் ஒரு குறுக்குவழி: மூன்றில் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அதைப்போல இரண்டேகால் மடங்குக்குள் இருந்தால் 2+1 எடுங்கள், தாண்டினால் 30%-க்குப் போங்கள். துல்லியமான எல்லை 2.33 மடங்கு, ஆனால் கடையில் நின்றுகொண்டு மனக்கணக்கு போட இரண்டேகால் போதும். 900, 850, 800 என்றால் மற்ற இரண்டும் 1750, அது 800-ஐப்போல 2.19 மடங்கு, 2+1 ஜெயிக்கிறது (31.4%). எதிரில் இருப்பது 25% தள்ளுபடி என்றால் எல்லை சரியாக மூன்று மடங்கு.

ஆறு எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம், இது எனக்கே நடந்தது. கூடையில் இருந்த ஆறு துணிகளின் விலை கிட்டத்தட்ட இப்படி: 1000, 900, 800, 300, 200, 100. முதல் மூன்றில் 800 இலவசம், அடுத்த மூன்றில் 100 இலவசம், மொத்தம் 900 மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். பில் வந்தபோது கழிந்திருந்தது 300தான். ஆறையும் ஒரே கும்பலாக எடுத்து, அதில் மிகக் குறைந்த இரண்டை, அதாவது 200-ஐயும் 100-ஐயும் இலவசமாகக் காட்டியிருந்தது அந்தக் கடையின் மென்பொருள். 3300-க்கு 300 என்றால் 9.1%. 27 என்று நினைத்த இடத்தில் ஒன்பது!

பில் போட்டவரிடம் கேட்டேன். "ஒரே பில்லுன்னா சிஸ்டம் அப்படித்தாங்க எடுக்கும், ரெண்டு பில்லாப் போட்டா வேற மாதிரி வரும்" என்றார். ரத்து செய்துவிட்டு, பெரிய விலை மூன்றையும் ஒரு பில்லாகவும் சின்ன விலை மூன்றையும் இன்னொரு பில்லாகவும் போட்டோம், 900 கழிந்தது. அதே ஆறு துணி, அதே ஆஃபர், 9.1% இப்போது 27.3% ஆனது. எல்லா மென்பொருளும் இப்படிச் சேர்ப்பதில்லை, சில வரிசைப்படி மூன்று மூன்றாகவே பிரித்துக்கொள்ளும். அதனால் ஆறோ அதற்கு மேலோ எடுத்தால் பணம் கட்டும் முன்பே மொத்தத் தொகையைப் பாருங்கள், அல்லது விலை நெருங்கிய மூன்று மூன்றாக நீங்களே பிரித்துத் தனித்தனி பில் கேளுங்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தும் 27.3%தான். நேரடி 30% இருந்திருந்தால் பேசாமல் 990 மிச்சமாகியிருக்கும்.

விலையை ஏற்றிவிட்டு ஆஃபர் போடுவது தனிக் கதை. நேற்று 100-க்கு விற்றதை இன்று 120 என்று ஒட்டி 2+1 கொடுத்தால் ஒன்று 80-க்கு விழுகிறது, நேற்றைய விலைக்கு அது 20%தான். 150 என்று ஒட்டினால் தள்ளுபடியே இல்லை. நேரடித் தள்ளுபடியிலும் இதே வித்தையைச் செய்யலாம், அதனால் இதை எந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண்ணாகக் கொடுக்க மாட்டேன். பழைய விலை தெரியாமல் இரண்டில் எதையும் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, திருப்பிக் கொடுக்கும் விஷயம். 30%-இல் வாங்கியதை மாற்றுவது எளிது: ஒன்றைத் திருப்பினால் 70 திரும்பி வரும். 2+1-இல் பில் எப்படி அச்சாகிறது என்பதைப் பொறுத்துதான் எல்லாம். 100, 100, 0 என்று அச்சாகியிருந்தால், ஒன்றைத் திருப்பும்போது ஆஃபர் கலைந்துவிட்டது என்று சொல்லி ஒன்றுமே தராமல் விடலாம், ஏனென்றால் கையில் மிஞ்சிய இரண்டின் முழு விலை 200, நீங்கள் கட்டியதும் 200. மூன்றுக்கும் தலா 66.67 என்று பிரித்து அச்சாகியிருந்தால் பெரும்பாலும் அந்த 66.67 திரும்ப வரும், அப்போது வெறும் இரண்டே பொருளை 33.3% தள்ளுபடியில் வாங்கியவர் ஆகிவிடுகிறீர்கள், அட்டவணையின் இரண்டாவது வரிசையில் கிடைக்கவே கிடைக்காத விலை அது. அதனால் அளவு பொருந்துமா என்ற சந்தேகத்தோடு துணியோ செருப்போ எடுக்கும்போது, 'ஒன்றைத் திருப்பினால் எவ்வளவு தருவீர்கள்' என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். தெளிவான பதில் வரவில்லை என்றால் 30%-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.