கூம்பு வயிறும் ஸ்கேன் திரையும்

வயிறு கூம்பி முன்னால் தள்ளியிருந்தால் ஆண், பக்கவாட்டில் பரந்திருந்தால் பெண் என்பார் என் பெரியம்மா. என் முதல் பிரசவத்தில் "கூம்பு வயிறு, பையன்தான்" என்றார். பிறந்தது மகள். முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் தளராமல் இறுக்கமாக இருக்கும். வயிறு கூம்பித் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் தசை தளர்ந்து வடிவம் மாறும். தாயின் உயரமும் குழந்தை கிடக்கும் விதமும் சேர்ந்துகொள்ளும். மசக்கை ஆசையோ இன்னும் மோசம்: எங்கள் வீட்டில் மாங்காய் கேட்டால் பெண், மாமியார் வீட்டில் அதே மாங்காய்க்கு ஆண்!

ஸ்கேனுக்கும் பொறுமை வேண்டும். சுமார் 11 வாரம் வரை இரு பாலுக்கும் பிறப்புறுப்பு ஒரே சிறு மொட்டாகத்தான் தெரியும். அதன்பின் அந்த மொட்டு முதுகெலும்புக் கோட்டிலிருந்து 30 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் ஆண் என்றும், கிட்டத்தட்ட இணையாகக் கிடந்தால் பெண் என்றும் கணிப்பார்கள். 11ஆவது வாரத்தில் இந்தக் கணிப்பு அடிக்கடி பிசகும். 13இல் பெரும்பாலும் சரியாக வரும். 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளே தெளிவாகத் தெரியும், குழந்தை கால்களை இறுக்கி வைத்திருந்தாலொழிய.

இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் 20 வார ஸ்கேனில், கேட்டால் சொல்லிவிடுகின்றன. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர் சைகையால்கூடச் சொல்லக் கூடாது. ஆகவே இங்கே பெரியம்மாவுக்குத்தான் இன்னும் மவுசு.