அடுத்த முறை காரைக்குடியா, கானாடுகாத்தானா?

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆடி கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் செட்டிநாட்டுக்குப் போய் வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பங்குனியில் நாம் போய் வந்த பிறகு உங்களுக்கு போன் செய்யவே கை வரவில்லை. பல்லவன் ரயிலில் காரைக்குடியிலிருந்து திருச்சி வரை நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி வந்ததும், நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. யாராவது மூன்றாம் ஆள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் கொட்டகையில் நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, டைம் ஆச்சு, கோயில் நடை சாத்திடுவாங்க" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை தோளைத் தொட்டு இழுத்தேன். அப்படி இழுத்துக்கொண்டு ஓடியும் வைரவன்பட்டிக்குப் போனபோது நடை சாத்தியாகிவிட்டது. நாலு மணி வரை புளியமரத்தடியில் காருக்குள் கிடந்தோம். அங்கேதான் நீங்கள், "இதுக்குப் பேர் சுற்றுலா இல்ல உமா, இன்ஸ்பெக்‌ஷன்" என்றீர்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் போனது காரைக்குடியில் தங்கி, கார் வைத்துச் சுற்றும் திட்டம். அம்மாவோடு போனது கானாடுகாத்தானில் தங்கி, அங்கிருந்து கொஞ்சமாக வெளியே போய் வரும் திட்டம். இரண்டையும் செய்து பார்த்துவிட்ட தைரியத்தில் சொல்கிறேன்: எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அதற்காகக் காரைக்குடியைக் குறை சொல்ல முடியாது. ரயிலை விட்டு இறங்கினால் பத்து நிமிடத்தில் அறை. எந்த நேரமும் சாப்பாடு கிடைக்கும். பஸ் எல்லாப் பக்கமும் போகும். பழைய சாமான் வாங்க முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நடந்தே போகலாம். அறை வாடகையும் கையைக் கடிக்காது. கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், வாடகை கூடத்தான். நினைத்த நேரத்தில் டீ குடிக்கக்கூடக் கொஞ்சம் தேட வேண்டும். இவ்வளவு இருந்தும் ஏன் கானாடுகாத்தான் என்கிறேன் என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை நாம் எங்கே இருக்கிறோம் என்பது.

அந்த ஊர்ப்பக்கம் பகல் பொழுது இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பிள்ளையார்பட்டியில் காலை ஆறு மணிக்குத் திறந்தால் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்துவார்கள், மறுபடி நாலு மணிக்குத்தான். நகரத்தார் செட்டியார்களின் மற்ற நகரக் கோயில்களில் பன்னிரண்டுக்கே சாத்திவிடுவதும் உண்டு. நான் போட்ட பட்டியலில் நகரக் கோயில் ஒன்பதும் இருந்தன. மாத்தூரும் இலுப்பைக்குடியும் காரைக்குடியை ஒட்டி இருக்கின்றன. பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் திருப்பத்தூர்ப் பக்கம். இளையாத்தங்குடியும் இரணியூரும் கீழச்சிவல்பட்டிப் பக்கம். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் செருப்பைக் கழற்றி, அர்ச்சனைத் தட்டு வாங்கி, சுற்றி வந்து, மறுபடி வண்டியில் ஏற முக்கால் மணி நேரம் ஆகிறது. எட்டு மணிக்குக் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் மூன்று கோயில், மிஞ்சினால் நாலு. இடையில் ஆத்தங்குடியையும் நான் செருகினேன். எங்கோ ஒரு இடத்தில் இடிக்கத்தான் செய்யும். இடித்தது உங்கள் தோளில்.

காரைக்குடியில் தங்கினால் அந்த மூன்று மணி நேரத்துக்கு அறைக்குத் திரும்பலாமே என்று கேட்பீர்கள். திரும்பலாம். ஆனால் கார் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது மனசு வராது. வந்தாலும் அது நாலு சுவரும் ஒரு டிவியும்தான்.

கானாடுகாத்தானில் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் வேறு வழியில்லாமல் பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினோம். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அந்த வீடுகளைப் பார்க்க வேண்டிய நேரமே நடுமதியம்தான். தெருத் திண்ணை, முகப்பு, பட்டாலை எல்லாம் தாண்டி வளவுக்குள் வந்தால், சூரியன் தலைக்கு நேரே நின்று வெளிச்சம் முற்றத்தில் சதுரமாக இறங்குகிறது. சுற்றிலும் தாழ்வாரத்தில் நிழல். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஒதுக்கிய அறைகள் அந்தத் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. அம்மா தரையில் முந்தானையை விரித்துப் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். வெளியே அனல். காரைக்குடித் திட்டத்தில் வீணாகப் போன அதே மூன்று மணி நேரம்தான் இங்கே அந்த நாளிலேயே நல்ல நேரம்.

இன்னொன்றும் உண்டு. காரில் சுற்றினால் வீடுகளை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டின் வாசலில் நின்று போட்டோ எடுத்தோமே, உள்ளே போகவா முடிந்தது? கானாடுகாத்தான் அரண்மனையும் வெளியே நின்று பார்ப்பதுதான். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, முன்னோருக்குப் படைப்பு, சாந்தி, கல்யாணம் என்று பங்காளிகள் கூடும்போதுதான் திறப்பார்கள். அங்கேயே இரண்டு நாள் தங்கி, சாயங்காலம் தெருவில் நடந்துகொண்டிருந்தால், காவலுக்கு இருக்கும் பெரியவர் நம் முகத்தைப் பழகிக்கொள்கிறார். இரண்டாம் நாள் ஒருவர் தானாகவே சாவியை எடுத்து வந்தார். அவருக்கு ஏதோ கொடுத்தோம். இது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், எங்கள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

இப்போது உங்களுக்கான செய்தி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து ஆத்தங்குடிக்கு மட்டும் போனேன். வேறு எங்கும் போகும் எண்ணமே இல்லை. உங்கள் பூஜை அறைக்காக நீங்கள் கேட்க நினைத்ததையெல்லாம் நான் கேட்டேன். நீங்கள் பாதியில் விட்டதைச் சொல்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். மஞ்சள் ஒரு அறையில், சிவப்பு ஒரு அறையில். பிறகு அச்சை இரண்டு கையாலும் மேலே தூக்குவதைத்தான் நாம் பார்க்காமல் வந்துவிட்டோம். கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அந்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரம் இழுத்ததும் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார். ஒரு ராத்திரி இறுகவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் போட்டு, அப்புறம் உலர்த்துகிறார்கள். கண்ணாடி விலகும்போது அந்த வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. மெஷின் பாலிஷ் கிடையாது.

உங்கள் பூஜை அறை 6 அடிக்கு 5 அடி என்று சொன்ன ஞாபகம். 10 அங்குலக் கல் என்றால், 5 அடிப் பக்கத்துக்கு ஆறு வரிசை சரியாக உட்காரும். 6 அடிப் பக்கம் ஏழு முழுக்கல் போக 2 அங்குலம் மிஞ்சும், அதற்குத் துண்டு போட வேண்டும். முழுக்கல் 42, துண்டுக்கு 2, ஆக 44. உடைசலுக்கு நாலு சேர்த்து 48 என்று சொல்லுங்கள். பராமரிப்புக்கு அவர் சொன்னது: வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஆசிட் மட்டும் கூடவே கூடாது, சிமெண்டை அரித்து நிறத்தைக் கெடுத்துவிடும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும் என்றார். அடிக்கடி ஆள் நடக்காத பூஜை அறையில் அது எவ்வளவு ஏறும் என்று எனக்குச் சந்தேகம்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானில் இடிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பல்லவன் காரைக்குடிக்கு வந்து சேர ராத்திரியாகிவிடும். அதற்கு மேல் கானாடுகாத்தானுக்குப் பதினாலு கிலோமீட்டர் வண்டி வேண்டும், முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதல் நாள் சொல்ல மறந்து, கொண்டுபோன பிஸ்கட்டில் ஓட்டினோம். இரண்டாம் நாள் இலையில் வெண்டைக்காய் மண்டியும் கவுனி அரிசியும் வந்தன, அம்மா மண்டியை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். திரும்பும் பல்லவன் விடியுமுன்னே கிளம்பிவிடுவதால், கடைசி ராத்திரி மட்டும் காரைக்குடியில் தங்குவது புத்திசாலித்தனம். நாங்கள் அப்படிச் செய்யாமல் மூன்றரை மணிக்கு எழுந்து அல்லாடினோம். கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நான் அங்கே தங்கியதில்லை, அதனால் அந்த மாதங்களுக்கு என் பேச்சை நம்ப வேண்டாம்.

என் யோசனை இதுதான். தைப்பூசம் கழியட்டும். அதற்கு முன்னால் நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நேரம், அந்தப் பக்கம் சாலையில் கூட்டமாக இருக்கும். மாசியில் இரண்டு ராத்திரி கானாடுகாத்தான், ஒரு ராத்திரி காரைக்குடி. கோயில் இரண்டே இரண்டு: பிள்ளையார்பட்டியும், விட்டுப்போன வைரவன்பட்டியும். காலை ஏழரைக்குள் பிள்ளையார்பட்டி வாசலில் நின்றால் பத்தரைக்குள் இரண்டும் முடிந்து, வெயில் ஏறுமுன் வளவில் இருக்கலாம். மற்ற ஏழும் நம் கால் நல்லாயிருக்கும் வரை காத்திருக்கும். ஆத்தங்குடிக்கு ஒரு முழுக் காலை. நேரம் பார்ப்பது உங்கள் பொறுப்பு, என் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு கல் வாங்கி வந்தேன், சிவப்பும் மஞ்சளுமாக. உங்களுக்குத்தான். பார்த்தால் சின்னது, தூக்கினால் தெரியும் கனம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுவந்து பூஜை அறையில் வைத்துக் காட்டுகிறேன். வீட்டில் இருப்பீர்களா?

அன்புடன்,
உமா