ஆக்ஸிடோசினுக்கு அப்புறம் எந்த மருந்து? மெத்தர்ஜினா, கார்போப்ராஸ்டா, மிசோப்ரோஸ்டாலா

குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிக்கலன்னா முதல் மருந்து ஆக்ஸிடோசின்தான், அதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல. பேச்சு கிளம்புறது ரெண்டாவது மருந்துலதான். லேபர் வார்டுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி "இதுல எது ஸ்ட்ராங்"னுதான், நான் அவங்ககிட்ட திருப்பிக் கேக்குறது "படுத்திருக்கிற அம்மாவுக்கு எது ஆகாது"ன்னு.

மருந்துக்கு முன்னாடி கை. தொப்புள் பக்கத்துல வயித்து மேல கைய வச்சு அழுத்துனா கர்ப்பப்பை நம்ம நெத்தி மாதிரி கெட்டியா இருக்கணும், பிசைஞ்ச மாவு மாதிரி தளதளன்னு இருந்தா அது சுருங்கலன்னு அர்த்தம். நஞ்சு பிரிஞ்ச இடத்துல திறந்து கிடக்கிற ரத்தக் குழாய்கள சுத்தி தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமா பின்னிக் கிடக்கு, தசை சுருங்குனாதான் அந்தக் குழாய் நெரிபட்டு மூடும், ரத்தம் உறையுறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். கர்ப்பப்பை கல்லு மாதிரி இருந்தும் ரத்தம் வழிஞ்சுகிட்டே இருக்குன்னா எங்கயோ கிழிஞ்சிருக்கு, அங்க தேவை தையல், நாம கீழ பேசப்போற ஒரு ஊசியும் அதுக்கு உதவாது. நஞ்சு முழுசா வந்திருக்கா, மூத்திரப்பை நிரம்பி கர்ப்பப்பைய தள்ளிகிட்டு நிக்குதான்னும் அப்பவே பார்த்துடணும்.

சரி, ஆக்ஸிடோசின். நம்ம உடம்புல சுரக்கிற ஹார்மோன்தான், 1953-ல வின்சென்ட் டு விக்னோ இத லேப்ல செஞ்சு காட்டினாரு, 1955-ல நோபல் வந்துச்சு. குழந்தை வந்த உடனே தடுப்புக்காக எல்லாருக்கும் 10 யூனிட் தசையில போடுறோம், ரெண்டு மூணு நிமிஷத்துல வேலைய ஆரம்பிச்சுடும். ரத்தத்துல நிக்கிறது கொஞ்ச நிமிஷம்தான்ங்கிறதால ரத்தப்போக்கு வந்துட்டா ட்ரிப்ஸ்ல ஓட்டிகிட்டே இருக்கணும். நரம்புல ஒரே அழுத்தா போட்டா பிரஷர் சர்ருன்னு இறங்கும். ஏற்கனவே ரத்தம் இழந்தவங்களுக்கு அது ஆபத்து. இன்னொரு விஷயம், இதப் பலரும் கவனிக்கிறதில்ல: வலி வர்றதுக்காக எட்டு பத்து மணி நேரம் இதே மருந்து ட்ரிப்ஸ்ல ஓடியிருந்தா கர்ப்பப்பைத் தசையில இருக்கிற ரிசெப்டர் எல்லாம் அசந்து போயிருக்கும், அப்புறம் எவ்வளவு ஏத்துனாலும் பாதி பதில்தான் வரும். அந்த மாதிரி ஆளுங்களுக்கு வேற கதவத் தட்டுற மருந்துக்கு சீக்கிரமே போகணும்.

அந்த வேற கதவுல ஒண்ணு மெத்தில் எர்கோமெட்ரின், வார்டுல மெத்தர்ஜின்னுதான் சொல்லுவோம். ரை தானியக் கதிர்ல வளர்ற எர்காட் பூஞ்சையிலேர்ந்து 1935-ல பிரிச்செடுத்த எர்கோமெட்ரினோட நெருங்கின சொந்தம். 0.2 மில்லிகிராம் தசையில போட்டா கர்ப்பப்பை விட்டு விட்டு சுருங்காம ஒரே பிடியா இறுகி, சில மணி நேரம் அப்படியே நிக்கும். ரத்தப்போக்குல அதுதான் நமக்கு வேணும், ஆனா குழந்தை உள்ள இருக்கும்போது இதே பிடி குழந்தைக்கு ஆக்சிஜன் போற வழிய அடைச்சுடும், அதனால பிரசவத்துக்கு முன்னாடி இதத் தொடவே கூடாது. எர்காட் கலந்த தானியத்த சாப்பிட்டவங்களுக்கு அந்தக் காலத்துல விரலெல்லாம் கருத்துப் போச்சு, காரணம் ரத்தக் குழாய் சுருங்குறது. அந்தக் குணம் இந்த ஊசியிலயும் இருக்கு, அதான் பிரஷர் இருக்கிறவங்களுக்கும் இதய நோய் இருக்கிறவங்களுக்கும் இது கூடாது.

கார்போப்ராஸ்ட், இது ப்ராஸ்டாகிளாண்டின் வகை. 250 மைக்ரோகிராம், ஆழமா தசையில, நரம்புல போடவே கூடாது. தேவைப்பட்டா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டு டோஸ் வரைக்கும் போகலாம். ஆக்ஸிடோசினுக்கு அசையாத கர்ப்பப்பை இதுக்கு அசையுறத நிறைய பார்த்திருக்கேன், என் கை முதல்ல போறது இதுக்குத்தான். ஆனா மூச்சுக் குழாயையும் சேர்த்துச் சுருக்கும், ஆஸ்துமா உள்ளவங்களுக்கு போட்டா நாமளே வீசிங்க வரவழைச்ச மாதிரி. பேதியும் வாந்தியும் அடிக்கடி வரும், முன்னாடியே அந்த அம்மாகிட்ட சொல்லிட்டா அவங்க பயப்படாம இருப்பாங்க.

மிசோப்ரோஸ்டாலும் அதே குடும்பம்தான், வயித்துப் புண்ணுக்குன்னு வந்த மாத்திரை. 800 மைக்ரோகிராம் நாக்குக்கு அடியில. மத்த மூணுக்கும் ஃப்ரிட்ஜ் வேணும், இதுக்கு வேண்டாம், ஈரம் படாம இருந்தா போதும், ஊசி போட ஆளில்லாத இடத்துலயும் குடுக்கலாம். ஆக்ஸிடோசின் கையில இருந்தா இது அதுக்கு ஈடு இல்ல, வேலை செய்யவும் நேரம் எடுக்கும். குடுத்த கொஞ்ச நேரத்துல கிடுகிடுன்னு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும், சிலருக்கு 40 டிகிரியயும் தாண்டும், அத இன்ஃபெக்ஷன்னு நினைச்சு அலையுறவங்க இருக்காங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம் கர்ப்பப்பைய தளர்த்துற மருந்துங்க: நிஃபெடிபின், டெர்பியூட்டலின், அட்டோசிபன். குறைமாசத்துல வலி வந்தா குழந்தையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு வேலை செய்ய 48 மணி நேரம் வாங்கித் தர்றதுதான் இதுங்க வேலை, அதுக்கு மேல இழுத்துப் பிடிக்கிறதுல பலன் கிடையாது. ஏன் இங்க சொல்றேன்னா, அந்த மருந்து உடம்புல இருக்கும்போதே பிரசவம் ஆயிட்டா கர்ப்பப்பை சோம்பலாத்தான் இருக்கும். ஃபிட்ஸ் வராம இருக்க குடுக்கிற மெக்னீசியமும் தசைய இதே மாதிரி தளர்த்தும்.

ஒரு கேஸ வச்சு பார்ப்போம். முதல் பிரசவம், பிரஷர் 160/110, மெக்னீசியம் ஓடுது, ஒன்பது மணி நேரம் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ். குழந்தை பிறந்து 10 யூனிட் போட்டாச்சு, நஞ்சும் முழுசா வந்துடுச்சு. இருபது நிமிஷத்துல கர்ப்பப்பை மாவாகுது, அளந்தா 700 மில்லி, இன்னும் வருது. வெளியிலேர்ந்து அழுத்தி மசாஜ், மூத்திரத்துக்கு டியூப், ரெண்டாவது லைன், ரத்தத்துக்கு ஆள் அனுப்பியாச்சு. ஆக்ஸிடோசின் 500 மில்லி சலைன்ல 40 யூனிட், மணிக்கு 125 மில்லி. தண்ணிய ஏன் குறைக்கிறோம்னா பிரஷர் வந்த அம்மாவுக்கு நீர் அதிகமானா நுரையீரல்ல தேங்கிடும், ஆக்ஸிடோசினே அதிக அளவுல உடம்புல தண்ணிய பிடிச்சு வைக்கும். கூடவே ட்ரானெக்ஸமிக் ஆசிட் 1 கிராம் மெதுவா நரம்புல. அது கர்ப்பப்பைய சுருக்காது, உறைஞ்ச ரத்தம் கரையாம பாத்துக்கும், பிரசவமாகி மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாதான் உதவும்.

அப்படியும் நிக்கல. பழக்க தோஷத்துல ஒருத்தங்க மெத்தர்ஜின் ஆம்பூல உடைக்கப் போறாங்க, அங்க தடுக்கணும், 160/110-க்கு மேல அத போட்டா மூளையில ரத்தம் கசியுற அளவுக்கு பிரஷர் ஏறலாம். இந்தக் குழப்பத்துல கேட்டே ஆக வேண்டிய ஒரே கேள்வி "எப்பவாவது வீசிங், இன்ஹேலர் உண்டா?" இல்லன்னு சொன்னா கார்போப்ராஸ்ட் 250 தொடையில, 15 நிமிஷம் கழிச்சும் தளர்வா இருந்தா இன்னொண்ணு. உண்டுன்னு சொன்னா ரெண்டு ஊசியும் போச்சு, மிசோப்ரோஸ்டால் 800 நாக்குக்கு அடியில வச்சுட்டு, அது வேலை செய்யுற வரைக்கும் ரெண்டு கையாலயும் கர்ப்பப்பைய உள்ளயும் வெளியயும் அழுத்திப் பிடிச்சுகிட்டே, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற பலூனையும் ஆபரேஷன் தியேட்டரையும் ரெடி பண்ணச் சொல்லணும்.