தவறிப்போய் வந்த கூடுதல் சம்பளம்: ஒரே பிடித்தமா, தவணையா, தனியாகத் திருப்பிக் கட்டுவதா?

சம்பள உயர்வைக் கணினியில் ஏற்றும்போது ஓர் இலக்கம் மாறிப்போகிறது. ஒருவருக்கு மாதம் 42,000 வர வேண்டும், 46,000 வருகிறது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் பிடிபடுகிறது. மாதம் 4,000 வீதம் 24,000 கூடுதலாகப் போயிருக்கிறது. சரி, எப்படித் திரும்ப வாங்குவது?

நடைமுறையில் நான்கு வழிகள்: அடுத்த மாதமே மொத்தமாகப் பிடிப்பது, தவணையாகப் பிடிப்பது, ஊழியர் வங்கி வழியாகத் தனியே கட்டுவது, தள்ளுபடி செய்வது. பெரும்பாலும் சண்டை ‘எத்தனை தவணை’ என்பதில்தான் நடக்கும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. திரும்பக் கேட்கும் தொகை 24,000-ஆ, அல்லது ஊழியரின் கைக்கு உண்மையில் வந்த தொகையா?

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வருமான வரி 20 சதவீதம், சேமநிதி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகப் போன ஒவ்வொரு 4,000-லும் 1,200 வழியிலேயே வெட்டப்பட்டு, கைக்கு வந்தது 2,800. ஆறு மாதத்துக்கு 16,800. மீதி 7,200 ஊழியரின் கைக்கு வரவே இல்லை, அது வரித்துறையிலும் சேமநிதியிலும் இருக்கிறது.

அதே வரி ஆண்டுக்குள் பிடிபட்டால் இதைச் சரிசெய்வது சுலபம். சம்பளச் சீட்டில் 24,000-ஐ மொத்தச் சம்பளத்திலிருந்து, அதாவது வரியும் சேமநிதியும் கணக்கிடுவதற்கு முன்பே, கழிக்க வேண்டும். அப்போது வரியும் சேமநிதியும் தாமாகவே குறையும், ஊழியருக்கு 16,800 மட்டுமே குறையும். மாறாக, எல்லாப் பிடித்தமும் போன பிறகு ‘இதர பிடித்தம்’ என்று கீழே ஒரு வரி சேர்த்து 24,000 எடுத்தால், வாங்காத 7,200-ஐயும் அவர் கட்டுகிறார். இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கணக்கறிவு வேண்டாம். பிடித்த மாதத்தின் சீட்டில் வருமான வரி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கழித்த இடம் தவறு.

| வழி | அந்த மாதம் கையில் வருவது |
|---|---|
| சரியான சம்பளம், பிடித்தம் இல்லாமல் | 29,400 |
| ஒரே தடவை, மொத்தச் சம்பளத்திலிருந்து | 12,600 |
| ஒரே தடவை, தவறாக நிகரச் சம்பளத்திலிருந்து | 5,400 |
| 6 தவணை | 26,600 |
| 12 தவணை | 28,000 |

ஒரே தடவைப் பிடித்தம் கணக்குப் பிரிவுக்குப் பிடித்த வழி. ஒரே பதிவில் வேலை முடியும். ஒரு மாதத் தவறு, சிறிய தொகை என்றால் ஊழியருக்கும் அதுவே நல்லது, தலைவலி நீடிக்காது. ஆனால் நம் கணக்கில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இவர் ஆறு மாதமாக 32,200 வாங்கிப் பழகியவர். தவறைத் திருத்தியதுமே அது 29,400 ஆகக் குறைகிறது, அதன் மேல் பிடித்தமும் விழுகிறது. 32,200-லிருந்து 12,600-க்கு ஒரே மாதத்தில் இறங்கினால் கடன் தவணை திரும்பி வரும், அதற்கான அபராதமும் அவர் தலையில்தான். தவறு செய்தவர் ஒருவர், அபராதம் கட்டுபவர் இன்னொருவர்.

சட்டமும் பல இடங்களில் இதற்கு வரம்பு போடுகிறது. கூடுதலாகக் கொடுத்ததைப் பிடிக்க இந்திய ஊதியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பொதுவாக எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தச் சம்பள காலத்தின் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 42,000-ல் 24,000 பிடிப்பது அந்தப் பாதியைத் தாண்டிவிடும்.

தவணையில், தவறு எத்தனை மாதம் நீடித்ததோ குறைந்தது அத்தனை மாதம் அவகாசம் கொடுப்பதுதான் நான் நியாயம் என்று ஏற்கும் அளவுகோல். ஆறு மாதம் சிறிது சிறிதாகக் கொடுத்ததை ஆறு மாதத்தில் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளலாம். இதற்கு வட்டி கேட்பது அநியாயம், தவறு அவர்களுடையது. வீட்டு நிலவரம் இறுக்கமாக இருந்தால் 12 மாதம் கேட்கலாம், தயங்க வேண்டாம். தலையாட்டும் முன் மாதவாரியாக ஒரு பட்டியல் கேளுங்கள்: வர வேண்டியது, வந்தது, வித்தியாசம். அதை உங்கள் பழைய சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். உயர்வு தேதியோ மிகைநேரப் பணமோ குழம்பியிருந்தால் அங்கேதான் தெரியும். சில சமயம் நிறுவனம்தான் பாக்கி வைத்திருக்கும்!

தவணைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வரி ஆண்டைத் தாண்டிப் போகலாம். அல்லது தவறே போன ஆண்டில் நடந்திருக்கலாம். போன ஆண்டுக்கான வருமானச் சான்று அச்சாகி, வரியும் கட்டப்பட்டு, அந்தக் கணக்கு மூடியாயிற்று. சில நாடுகளில் இந்த ஆண்டுச் சம்பளத்திலிருந்து கழித்தாலே வரி சரியாகிவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அடுத்த ஆண்டில் திருப்பிக் கொடுப்பவர் வருமான வரிப் பங்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அந்த வரியை அவரே தன் வரிக் கணக்கில் கேட்டுப் பெற வேண்டும். அந்தச் சலுகையும் தொகை 3,000 டாலரைத் தாண்டினால்தான். அதனால் ஆண்டு முடிவு நெருங்கும்போது, முடிந்தால் அதற்குள்ளேயே தீர்த்துக்கொள்வது ஊழியருக்கு லாபம். நீண்ட தவணை எப்போதும் நல்லது என்று நினைத்தால், இந்த இடத்தில் அடிபடுவோம்.

வங்கி வழியாகத் தனியே கட்டுவது, வேலையை விட்டுப் போனவருக்கும் சம்பளமில்லா விடுப்பில் இருப்பவருக்கும் பொருந்தும். மற்றவர்கள் இதைத் தவிர்க்கலாம். பணம் போய்ச் சேரும், ஆனால் அதைச் சம்பளக் கணக்கில் பதிய மறந்தால், வாங்காத வருமானம் உங்கள் பெயரில் அப்படியே நிற்கும், அதற்கு வரியும் நிற்கும். கட்டியதும் திருத்திய சீட்டும் ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ‘கூடுதலாக வந்துவிட்டது, இந்தக் கணக்குக்கு உடனே அனுப்புங்கள்’ என்று வரும் மின்னஞ்சல் மோசடியாகவும் இருக்கலாம். சம்பளப் பிரிவை நேரில் கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள்.

தள்ளுபடியைக் கருணை என்று பலர் நினைக்கிறார்கள். சில சூழல்களில் அது உரிமை. அரசுப் பணியாளர் வழக்கு ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல் பட்டியலே போட்டது: கடைநிலை, கீழ்நிலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள், ஐந்தாண்டுக்கு மேல் நீடித்த கூடுதல் தொகை போன்றவற்றில் திரும்பப் பிடிக்கக் கூடாது. ஆனால் ‘கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்’ என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும் என்று 2016-ல் அதே நீதிமன்றம் சொன்னது. ஜெர்மனியில், நல்லெண்ணத்தோடு வாங்கிச் செலவழித்துவிட்டேன், என்னிடம் இப்போது அந்தப் பலன் இல்லை என்ற வாதத்துக்குச் சிவில் சட்டத்திலேயே இடமுண்டு. எங்குமே தோற்கும் வாதம் ஒன்றுதான்: ஒரு மாதம் இரண்டு சம்பளம் வந்திருந்தும் நான் கவனிக்கவில்லை என்பது.

நம் உதாரணத்தில் நான் தேர்ந்தெடுப்பது மொத்தச் சம்பளத்திலிருந்து ஆறு தவணை, வரி ஆண்டு முடிய அதைவிடக் குறைந்த மாதங்களே இருந்தால் அத்தனை தவணை. ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: நடுவில் வேலையை விட்டால் மீதி எப்படி வசூலாகும் என்பது. அது இல்லாவிட்டால் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளில் விடுப்புப் பணத்தையும் பணிக்கொடையையும் சேர்த்து நிறுத்திவைத்துவிடுவார்கள், அப்போது பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.